போர்ட் திறந்தும் யாரும் உள்ளே வர முடியவில்லையா? கேம், யுடிபி, ரூட்டர் விதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசிபிதானே நம்பகமானது? அப்புறம் ஏன் கேம்கள் எல்லாம் யுடிபியைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன?

டிசிபியும் யுடிபியும் இணையத்தில் தரவைப் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும் இரண்டு முறைகள். டிசிபி நம்பகமானதுதான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. அனுப்பியது எல்லாம் போய்ச் சேரும், அனுப்பிய வரிசையிலேயே சேரும் என்று டிசிபி இரண்டு வாக்குக் கொடுக்கிறது. மின்னஞ்சலுக்கும் வலைப்பக்கத்துக்கும் இரண்டுமே வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆளைக் குறிபார்த்துச் சுடும் கேமில் அந்த இரண்டாவது வாக்கு கழுத்தை அறுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1999-ல் வந்த குவேக் 3 சர்வர், எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற நிலவரத்தை நொடிக்கு 20 தடவை, அதாவது 50 மில்லிநொடிக்கு ஒரு தடவை அனுப்பும். உங்கள் பிங் 80, ஒரு வழிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். 0-ல் கிளம்பிய பாக்கெட் வழியில் தொலைந்துவிட்டது. 50, 100, 150-ல் கிளம்பியவை 90, 140, 190-ல் உங்கள் கணினிக்கு ஒழுங்காக வந்துவிட்டன. இதே கேம் டிசிபியில் ஓடியிருந்தால், வந்த மூன்றையும் இயங்குதளம் கையிலேயே வைத்துக்கொண்டு கேமுக்குத் தராமல், தொலைந்தது வரட்டும் என்று காத்திருக்கும். டிசிபியின் பழைய வழக்கப்படி, "இன்னும் அதுதான் வரவில்லை" என்ற பதில் மூன்று தடவை திரும்பிப் போன பிறகுதான் சர்வர் விழித்துக்கொள்ளும். அந்த மூன்றாவது பதில் 230-ல் சர்வருக்குப் போகிறது, மறுபடி அனுப்பியது 270-ல் உங்களிடம் வருகிறது. 40-ல் வந்திருக்க வேண்டியது 270-ல் வருகிறது! அதுவரை எதிராளி உங்கள் திரையில் சிலை மாதிரி நிற்பான், அப்புறம் சேர்ந்துபோன ஐந்து நிலவரமும் ஒரே நேரத்தில் கொட்டும், ஆள் சட்டென்று வேறு இடத்தில் இருப்பான், நீங்கள் செத்திருப்பீர்கள். இப்போதைய லினக்ஸ் கெர்னல்கள் இழப்பை இதைவிடச் சீக்கிரமே கண்டுபிடிக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் "வரவில்லை" என்ற செய்தி போய், திரும்ப அனுப்பியது வந்து சேர ஒரு முழு நடை ஆகத்தான் செய்யும்.

யுடிபியில் அதே பாக்கெட் தொலைந்தால் 90-ல் அடுத்தது வந்துவிடும், அதோடு விஷயம் முடிந்தது. 50 மில்லிநொடிக்கு முன்னால் அவன் எங்கே நின்றான் என்பது இப்போது யாருக்கு வேண்டும்?

அப்படியென்றால் தொலைந்ததை யாருமே கவனிக்க மாட்டார்களா? நான் வாங்கிய துப்பாக்கியும் வழியில் தொலைந்துவிடுமா?

கேம் கவனிக்கும். யுடிபி என்பது எட்டு பைட் தலைப்பு ஒட்டிய வெறும் உறை, அவ்வளவுதான்: எந்த போர்ட்டிலிருந்து, எந்த போர்ட்டுக்கு, எவ்வளவு நீளம், ஒரு சரிபார்ப்பு எண். இதற்கு மேல் எது தேவையோ அதை கேம் எழுதுபவர்களே கட்டிக்கொள்கிறார்கள், எது கட்டாயம் போய்ச் சேர வேண்டும், எது தொலைந்தாலும் பரவாயில்லை என்று பிரித்துவைக்கிறார்கள்.

குவேக் 3 இதைச் செய்த விதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஒவ்வொரு நிலவரத்தையும் முழுசாக அனுப்பாமல், உங்களுக்குக் கடைசியாக எது வந்து சேர்ந்ததாக நீங்கள் சொன்னீர்களோ அதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சர்வர் அனுப்பும். நடுவில் ஒன்று தொலைந்தால் அதைத் திரும்ப அனுப்பாது, அடுத்து வருவதிலேயே அந்த மாற்றமும் அடங்கியிருக்கும். அரட்டை மாதிரி தவறவே கூடாதவற்றை மட்டும், கிடைத்தது என்று நீங்கள் சொல்லும்வரை ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருக்கும். இதன் மூல நிரல் 2005-ல் வெளியிடப்பட்டது, ஆர்வமிருப்பவர்கள் எடுத்துப் படிக்கலாம்.

மைன்கிராஃப்ட் டிசிபியில்தானே ஓடுகிறது? அது நன்றாகத்தானே இருக்கிறது?

ஜாவா பதிப்பு டிசிபி, போர்ட் 25565. கைபேசியிலும் கன்சோலிலும் ஓடும் பெட்ராக் பதிப்பு யுடிபி, போர்ட் 19132. பெயர் ஒன்றுதான், வலைப்பின்னல் விஷயத்தில் இரண்டும் வெவ்வேறு கேம்கள். ஜாவாவில் கட்டை அடுக்குவதும் சுரங்கம் தோண்டுவதும்தான் முக்கால்வாசி வேலை, கால் நொடி தாமதம் அங்கே யாரையும் கொல்லாது, வைத்த கட்டை ஒன்றுகூடத் தொலையக்கூடாது என்பதுதான் முக்கியம். அதனால் டிசிபி பொருந்துகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்கூட டிசிபிதான். ஆனால் இழப்பு அதிகமுள்ள வைஃபையில் ஜாவா விளையாடிப் பாருங்கள், ஆடுமாடு எல்லாம் உறைந்து நின்று அப்புறம் வேகமாக ஓடும், மேலே போட்ட கணக்குதான் அது.

இந்த இரட்டைப் பதிப்பைத்தான் இனி உதாரணமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் ரூட்டர் விதியில் தடுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விழுகிறார்கள்.

விளையாடுவதற்கு நான் எந்த போர்ட்டையும் திறந்ததே இல்லை. வீட்டில் சர்வர் வைத்தால் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

உங்கள் கணினி முதலில் வெளியே பேசினால், "192.168.1.20 இந்த போர்ட்டிலிருந்து அந்த முகவரிக்குப் பேசியது" என்று ரூட்டர் ஒரு வரி குறித்துக்கொள்ளும். பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்து உள்ளே விடும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே பொது ஐபியைப் பங்குபோடும் நேட் என்கிற ஏற்பாடு இதுதான். சர்வர் விஷயத்தில் முதலில் பேசுவது வெளியாள். அவருக்கான வரி ஏதும் இல்லை, ரூட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். "19132-க்கு வருவதை 192.168.1.20-க்குக் கொடு" என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

டிசிபியும் யுடிபியும் பிரிகிற இடம் அந்தக் குறிப்பேடு. டிசிபியில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு, எப்போது எழுத வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று ரூட்டருக்குத் தெரியும். யுடிபியில் வணக்கமும் இல்லை, போய்வருகிறேனும் இல்லை. ஆகவே ரூட்டர் கடிகாரத்தைப் பார்த்து ஊகிக்கிறது. பல வீட்டு ரூட்டர்களின் உள்ளே இருப்பது லினக்ஸ்தான். அதன் இயல்பு அளவுகளில், நிறுவப்பட்ட டிசிபி இணைப்பு 5 நாள் பேசாமல் இருந்தாலும் வரி அழியாது. யுடிபியில் பதில் வராத பேச்சு 30 நொடியில் போய்விடும், இருபக்கமும் பேச்சு நடந்திருந்தால் சுமார் 2 நிமிடம் தாங்கும். நீங்கள் கேமில் கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் கேம் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுத்தினால் வரி அழியும், சர்வரிலிருந்து வருவது வாசலிலேயே விழும்.

ரூட்டரில் டிசிபியா, யுடிபியா, இரண்டுமா என்று கேட்கிறது. எதைப் போடுவது?

19132 டிசிபியும் 19132 யுடிபியும் இரண்டு தனிக் கதவுகள், எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பையனுக்காக ஒரு பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு பெட்ராக் சர்வர் ஏற்றினேன். வீட்டுக்குள் எல்லாருக்கும் வேலை செய்தது. வெளியூரிலிருந்து அவன் நண்பர்கள் யாருக்கும் வரவில்லை. விதி இருந்தது, ஐபி சரி, போர்ட் சரி. "மாமா, நீங்க ஏதோ தப்பாப் போட்டிருக்கீங்க" என்று அவன் மூன்று தடவை சொன்ன பிறகுதான் கீழ்விரி பட்டியலைப் பார்த்தேன். அந்த ரூட்டர் புதிய விதிக்குத் தானாகவே `TCP` என்று வைத்திருந்தது, நான் தொடவே இல்லை. ஒரு மாலை முழுக்க போயிற்று.

பெட்ராக்குக்கு இது போதும்:

```
Protocol:      UDP
External port: 19132
Internal port: 19132
Internal IP:   192.168.1.20
```

ஜாவாவுக்கு 25565, `TCP`. ஜாவா சர்வரில் `enable-query` என்ற வசதியை இயக்கினால் மட்டும் அதற்கு யுடிபியும் வேண்டும். ஜாவா சர்வருக்குள் பெட்ராக் ஆட்களையும் விடுவதற்கு கெய்சர் என்ற செருகுநிரல் போட்டிருந்தால், 25565 டிசிபி விதி அப்படியே இருக்க, 19132 யுடிபிக்குத் தனியாக ஒரு விதி சேர்க்க வேண்டும். "ஜாவாக்காரர்கள் வருகிறார்கள், கைபேசிக்காரர்கள் வரவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

`TCP/UDP` அல்லது `Both` என்று போட்டால் வேலை செய்யும், பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, அந்தக் கதவுக்குப் பின்னால் எந்த நிரலும் கேட்டுக்கொண்டிருக்காவிட்டால் உள்ளே வருபவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் எது தேவை என்று தெரிந்து போடுவது நல்லது, பின்னால் பிழை தேடும்போது ஊகங்கள் குறையும்.

இதோடு இரண்டு வேலை பாக்கி. மடிக்கணினிக்கு 192.168.1.20 எப்போதும் மாறாதபடி ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அந்த முகவரியை அதற்கென ஒதுக்கிவிடுங்கள். கணினியின் ஃபயர்வாலிலும் யுடிபி என்று குறிப்பிட்டே திறக்க வேண்டும்:

```
sudo ufw allow 19132/udp
```

போர்ட் செக்கர் தளத்தில் போட்டுப் பார்த்தேன், மூடியிருக்கிறது என்கிறது. விதி தப்பா?

அந்தத் தளத்தை விடுங்கள். பெரும்பாலான தளங்கள் டிசிபியை மட்டுமே தட்டிப் பார்க்கின்றன. உங்கள் யுடிபி விதி நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும்.

டிசிபியில் கதவைத் தட்டினால் இயங்குதளமே பதில் சொல்லிவிடும், உள்ளே இருக்கும் நிரல் வாய் திறக்க வேண்டியதில்லை. யுடிபியில் நிரல் விரும்பினால்தான் பதில், அதுவும் அதற்குப் புரியும் மொழியில் கேட்டால்தான். காலிப் பாக்கெட் அனுப்பினால் பெட்ராக் சர்வர் கண்டுகொள்ளாது. அமைதியாக இருந்தால் திறந்திருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம், வழியில் யாரோ விழுங்கிவிட்டார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். `nmap -sU` இதனால்தான் `open|filtered` என்று மழுப்புகிறது. `nc -vzu` இன்னும் மோசம், மறுப்பு எதுவும் வராததையே வெற்றி என்று அறிவித்துவிடும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? சர்வர் இருக்கும் கணினியிலேயே உட்கார்ந்து வருவதை நேரில் பாருங்கள்:

```
sudo tcpdump -n -i any udp port 19132
```

இதை ஓடவிட்டு, நண்பரைக் கைபேசி டேட்டாவிலிருந்து சர்வர் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வைஃபையிலிருந்து பொது ஐபியைப் போட்டுச் சோதிக்க வேண்டாம், உள்ளிருந்து கிளம்பி தன் வாசலுக்கே திரும்பி வரும் பாக்கெட்டைக் கையாளத் தெரியாத ரூட்டர்கள் நிறைய இருக்கின்றன. நண்பரின் பெட்ராக், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 33 பைட் பாக்கெட் ஒன்று அனுப்பும்:

```
eth0 In  IP 203.0.113.7.50432 > 192.168.1.20.19132: UDP, length 33
```

இந்த வரி வந்து, அதற்குக் கீழே `Out` என்று அதைவிட நீளமான பதிலும் போனால் உங்கள் பக்கம் எல்லாம் சரி. `In` வருகிறது, `Out` இல்லை என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள், ஃபயர்வாலையும் சர்வர் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ஃபயர்வால் விழுங்குவதற்கு முன்பே `tcpdump` பார்த்துவிடும் என்பதால் இந்தப் பிரிப்பு நம்பத்தக்கது. சர்வர் உண்மையிலேயே அந்த போர்ட்டில் கேட்கிறதா என்பதை `ss -lun` காட்டும். எதுவுமே வரவில்லை என்றால் ரூட்டர் விதி அல்லது அதற்கும் வெளியே.

விதியில் ஐபி தப்பாக இருந்தது, திருத்தினேன். அப்படியும் ஒரு நண்பனுக்கு மட்டும் வரவில்லை, ரூட்டரை அணைத்துப் போட்டதும் வந்துவிட்டது. என்ன மாயம்?

மாயமில்லை, அந்தப் பழைய வரிதான். ரூட்டர் ஒவ்வொரு பேச்சின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் ஃபார்வர்டிங் விதியைப் புரட்டிப் பார்க்கும், அதன் பிறகு குறிப்பேட்டில் எழுதியபடியே நடக்கும். உதாரணமாக, மடிக்கணினியின் முகவரி 20-லிருந்து 35-க்கு மாறிவிட்டது, விதி இன்னும் 20 என்று இருக்கிறது. நண்பன் சர்வர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறான், அவன் கேம் சில நொடிக்கொரு தடவை தட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் தட்டலிலேயே "இவன் பேச்சு 20-க்கு" என்று வரி எழுதியாயிற்று. நீங்கள் விதியை 35 என்று திருத்தினாலும் ஒவ்வொரு தட்டலும் அந்த 30 நொடிக் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கிறது. அவன் தட்டுவதை நிறுத்தாதவரை வரி சாகாது, பாக்கெட்டெல்லாம் யாருமில்லாத 20-க்கே போகும். புதிதாக வந்த இன்னொரு நண்பனுக்கு ஒரே தடவையில் கிடைத்துவிடும், அதனால் குழப்பம் இரட்டிப்பு.

டிசிபியில் இது அரிது, அடுத்த முயற்சி வேறு போர்ட்டிலிருந்து புதுத் தொடக்கமாகவே வரும். யுடிபியில் மருந்து எளிது: கேமை முழுக்க மூடிவிட்டு மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். சில ரூட்டர்கள் விதியைச் சேமிக்கும்போதே குறிப்பேட்டையும் துடைத்துவிடும், பல செய்யாது. ஓபன்டபிள்யுஆர்டி மாதிரி உள்ளே நுழைய முடிகிற ரூட்டரில் `conntrack` கருவி இருந்தால் நேராகவே அழிக்கலாம்:

```
conntrack -D -p udp --orig-port-dst 19132
```

எல்லாம் சரியாகச் செய்தும் tcpdump-இல் ஒரு வரிகூட வரவில்லையே?

ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் `WAN IP` என்ன என்று பாருங்கள், அப்புறம் "என் ஐபி என்ன" என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்திலும் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் உங்கள் ரூட்டருக்கு மேலே இன்னொரு நேட் இருக்கிறது. `192.168` அல்லது `10` என்று தொடங்கினால், ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டியிருக்கலாம், அந்தப் பெட்டியிலும் அதே விதியைப் போட வேண்டும், அல்லது அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். 100.64-லிருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபியில் அடைத்துவைத்திருக்கிறார்கள், அந்த நேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, உங்கள் விதி அங்கே செல்லாது. சில நிறுவனங்கள் இதற்கும் `10` முகவரிகளையே கொடுக்கின்றன. எனக்கு ஒரு நிறுவனத்தின் உதவி மையத்தில் நாற்பது நிமிடம் ரூட்டரை மறுபடி மறுபடி அணைத்துப் போடச் சொன்னார்கள், இந்த ஒரு எண்ணைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தனிப் பொது ஐபியைப் பணம் கட்டி வாங்கலாம். வெளியில் வாடகை சர்வர் ஒன்றைப் பிடித்து, வயர்கார்டு மாதிரி விபிஎன் ஒன்றின் வழியாக அங்கிருந்து வீட்டுக்குத் திருப்பிவிடலாம், வயர்கார்டே யுடிபிதான். "டனல்" சேவை எடுப்பதாக இருந்தால் யுடிபியைக் கடத்துமா என்று முதலில் கேளுங்கள், டிசிபியை மட்டும் கடத்துபவை உண்டு, அவற்றில் ஜாவா ஓடும், பெட்ராக் ஓடாது. இருபக்கமும் ஐபிவி6 இருந்தால் நேட்டே கிடையாது, ரூட்டர் ஃபயர்வாலில் திறந்தால் போதும். பெட்ராக் அதற்கு இயல்பாக 19133 வைத்திருக்கிறது.

கன்சோலில் NAT Type: Strict என்று வருகிறதே, அதுவும் இதேதானா?

அதே குடும்பம். அங்கே விளையாடுபவர்களின் கன்சோல்கள் ஒன்றோடு ஒன்று நேராகப் பேச முயல்கின்றன, அதனால் நீங்கள் சர்வர் வைக்காவிட்டாலும் வெளியாள் முதலில் பேசும் நிலை வருகிறது. எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074 முக்கியம். `UPnP` இயக்கினால் கன்சோல் தனக்குத் தேவையான விதியை ரூட்டரிடம் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் வெளியே தெரியும் 3074 ஒன்றுதான், கையால் விதி போட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இன்னொன்றில் வலைப்பின்னல் அமைப்புக்குப் போய் மாற்று போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் `UPnP`-யும் கைவிதியும் அதே போர்ட்டுக்கு வேண்டாம், முட்டிக்கொள்ளும்.

யுடிபி போர்ட்டைத் திறந்துவைத்தால் ஆபத்தா?

டிசிபியில் இல்லாத ஒரு தொல்லை இதில் உண்டு. கைகுலுக்கல் இல்லாததால், அனுப்புபவர் தன் முகவரியைப் பொய்யாக எழுதினாலும் சர்வர் நம்பிப் பதில் அனுப்பிவிடும். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் தரும் சர்வர் என்றால், இன்னொருவர் தலையில் பாக்கெட்டுகளைக் கொட்ட உங்கள் இணைப்பைப் பயன்படுத்திக்கொள்வார்கள். குவேக் 3 குடும்ப சர்வர்களின் நிலவரக் கேள்வி இப்படித்தான் பெயர் கெட்டுப்போனது. யாருமே விளையாடாத நேரத்தில் `tcpdump` சளசளவென்று ஓடி, அனுப்பும் வேகமும் கூடியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். சர்வரைப் புதுப்பித்து வைத்திருங்கள், தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள், `DMZ` என்ற பொத்தானைப் போட்டு முழுக் கணினியையும் வெளியே நிறுத்தாதீர்கள். பையன்களுக்குத் தேர்வு வந்து மடிக்கணினியை மூடி வைக்கும்போது அந்த விதியையும் எடுத்துவிடுங்கள், அந்த முகவரி நாளைக்கு வேறு ஏதாவது கருவிக்குப் போயிருக்கும்.